அட்டையின் உட்பக்கத்தில் நான்கு வரி

வெளிநாடு போய்விட்ட பள்ளித் தோழிக்கு நத்தார் வாழ்த்து அட்டை வாங்குவது சுலபம். அதைத் திறந்தால் உள்ளே ஒரு கையகல வெற்றிடம் இருக்கும். கஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கட்டுரைக்கு முன்னுரை, முடிவுரை படித்திருக்கிறோம். கடிதத்துக்கும் அமைப்புப் படித்திருக்கிறோம். இந்த நான்கு வரிக்கு மட்டும் யாரும் இலக்கணம் சொல்லித் தரவில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் இந்த அட்டை எப்படிப் பிறந்தது என்பதை அறிந்துகொள்வது உதவும். 1843ஆம் ஆண்டு இலண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஜோன் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஓர் அட்டை வரைவித்து, ஏறக்குறைய 1000 பிரதிகள் அச்சிட்டார். அச்சிட்ட முதல் நத்தார் அட்டையாகப் பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். 1840இல் பிரித்தானியாவில் ஒரு பென்னி தபால் முறை வந்த பிறகு கடிதங்கள் பெருகின. எல்லாருக்கும் தனித்தனியே எழுத அவருக்கு நேரம் இல்லை. அதனால் நத்தார், புத்தாண்டு வாழ்த்தை அச்சிலேயே போட்டு, பெயர் எழுத மட்டும் இடம் விட்டார். ஆக, அட்டையில் இருக்கும் அச்சு வாழ்த்து எழுதும் வேலையைக் குறைப்பதற்கென்றே உண்டானது. அது எல்லாருக்கும் பொருந்த வேண்டும். கையால் எழுதும் வரியோ ஒருத்திக்கு மட்டுமே பொருந்த வேண்டும். அச்சு சொல்லிவிட்டதையே நாமும் திரும்ப எழுதினால் அந்த வெற்றிடம் வீணாகிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துச் செய்து பார்ப்போம். ஹாலிஎல பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து பஸ்ஸில் வந்து, பதினோராம் வகுப்பு வரை என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோழி ஒருத்தி இப்போது குடும்பத்தோடு கனடாவில் இருக்கிறாள். அவளுக்கு அட்டை எழுத வேண்டும். வழக்கமாக எல்லாரும் எழுதுவது இப்படி இருக்கும்:

“அன்புத் தோழிக்கு இனிய நத்தார் நல்வாழ்த்துக்கள். கடல் நம்மைப் பிரித்தாலும் நம் நட்பைப் பிரிக்க முடியாது. உன் நினைவுகள் என்றும் என் நெஞ்சில் பசுமையாய் இருக்கும். எல்லா வளமும் பெற்று வாழ வாழ்த்தும், என்றும் மறவாத தோழி.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு சோதனை செய்து பாருங்கள். மேலே உள்ள பெயரை மாற்றி வகுப்பில் வேறொருத்தியின் பெயரைப் போடுங்கள். எந்த வரி அப்படியே பொருந்துகிறதோ அதை வெட்டுங்கள். இந்த அட்டையில் எல்லா வரியும் பொருந்துகிறது. வாழ்த்து ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் போய்விட வேண்டியதுதான்.

வெட்டிய இடத்தில் எதை வைப்பது? அவளுக்கும் நமக்கும் மட்டும் தெரிந்த ஒரு பொருள் போதும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையே ஒரு பிஸ்கட் டின் போய் வந்துகொண்டிருந்தது. நத்தாருக்கு அவள் அம்மா அதில் கொக்கிஸ் போட்டு அனுப்புவார். வெறும் டின்னைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று பெருநாளைக்கு உம்மா அதில் மஸ்கட் போட்டு அனுப்புவார். அவர்கள் புறப்பட்டுப் போனபோது டின் எங்கள் வீட்டில் நின்றுவிட்டது. நட்பு, பிரிவு, நினைவு என்ற மூன்று பெரிய சொற்களும் அந்த ஒரு டின்னுக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றைப் பெயர் சொல்லி எழுதத் தேவையில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு வரிக்கு மேல் விளக்கினால்தான் புரியும் என்றால் அந்தப் பொருள் அட்டைக்கு உதவாது, கடிதத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு, நத்தார் அட்டையை வீட்டுக்கு வருபவர்கள் பார்க்கும்படி அலுமாரி மேலே நிறுத்தி வைப்பார்கள். அவளுடைய அப்பாவும் வாசிப்பார், மாமியும் வாசிப்பார். இரகசியம் இருந்தால் அது தனித்தாளில் போக வேண்டும்.

அடுத்தது காலம். “அப்போது நாம் சிரித்தோம், ஓடினோம்” என்று எல்லா வினையையும் இறந்தகாலத்தில் எழுதினால், போனவள் பழைய கதையாகிவிடுகிறாள். ஒரு வரியாவது நிகழ்காலத்தில் இருக்கட்டும். டின் இப்போது எங்கே இருக்கிறது என்பது நிகழ்காலம்.

பிறகு ஒரு கேள்வி. “எப்போது வருவாய்?” என்று கேட்கத்தான் கை போகும். ஆனால் விசாவும் டிக்கட் காசும் பெற்றோரின் வேலையும் பதினேழு வயதுக்காரியின் கையில் இல்லை. பதில் சொல்ல முடியாத கேள்வி அவளைக் கவலைப்படுத்தும், பதில் எழுதவும் விடாது. “தனியாகக் கஷ்டப்படுகிறாயா?” என்பதும் அப்படித்தான். அவள் ஒரு வரியில் பதில் எழுதக்கூடியதைக் கேட்க வேண்டும்.

வாழ்த்துச் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘நத்தார்’ என்பதே போர்த்துக்கேயரின் ‘நத்தால்’ என்ற சொல்லிலிருந்து நம் நாட்டுத் தமிழுக்கு வந்தது. இது அவளுடைய பண்டிகை. அதற்கு எந்த அளவு வாழ்த்துச் சொல்வது என்பதில் நம் வீடுகளுக்குள்ளே வேறுபாடு உண்டு. எழுதுபவள் மனமறிந்து சொல்லக்கூடியதை மட்டும் எழுதினால் போதும். மரியாதைக்காக வேதாகம வசனத்தைப் பார்த்து எழுதினால் அது நம் குரலாக இராது. நம்மைத் தெரிந்தவளுக்கு அது உடனே விளங்கிவிடும். “உங்கள் வீட்டில் நத்தார் சந்தோஷமாக நடக்கட்டும்” என்பது அயல்வீட்டுக்காரி யாரும் மனதாரச் சொல்லும் வாக்கியம்.

இப்போது அட்டை இப்படி வருகிறது. தொடக்கத்தில் ‘அன்புத் தோழிக்கு’ வேண்டாம். வகுப்பில் அவளைக் கூப்பிட்ட பெயர் போதும். அதன் கீழே:

“உங்கள் வீட்டில் நத்தார் சந்தோஷமாக நடக்கட்டும். உங்கள் பிஸ்கட் டின் எங்கள் குசினியில்தான் இருக்கிறது. சீனி போட்டு வைக்கக் கேட்டாலும் உம்மா தரமாட்டாராம், அது கொக்கிஸ் டின்னாம். அங்கே உன் அம்மாவுக்குக் கொக்கிஸ் அச்சுக் கிடைத்ததா?
ஜன்னல் பக்கத்து வாங்குக்காரி.”

பெயர் மாற்றும் சோதனையை இதற்கும் வையுங்கள். முதல் வரி யாருக்கும் பொருந்தும், அது வாழ்த்து என்பதால் இருக்கட்டும். மற்ற வரிகளை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது. ‘உன்னை மறக்கவில்லை’ என்று எங்கும் எழுதவில்லை. ஆனால் டின்னைச் சீனிக்குக் கொடுக்காத உம்மாவே அதைச் சொல்லிவிடுகிறார். கேள்விக்கு ‘கிடைத்தது’ என்றோ ‘இல்லை’ என்றோ எழுதினால் போதும். ‘இல்லை’ என்று வந்தால் அடுத்த பார்சலில் எதை அனுப்புவது என்பதும் தெரிந்துவிடும்.

கடைசியாகக் கைவேலை. அட்டையின் அளவுக்குக் கொப்பித் தாள் ஒன்றை வெட்டி முதலில் அதில் எழுதிப் பாருங்கள். எழுத்தைச் சிறிதாக்கினால்தான் அடங்கும் என்றால் ஒரு வரி அதிகம் என்று அர்த்தம். வழுவழுப்பான அட்டையில் ஜெல் பேனை இழுபடும், போல்பொயின்ட் நல்லது. கடல் கடந்து போகும் தபாலுக்கு வாரக்கணக்கில் எடுக்கலாம். ஆகவே பதுளையில் மழை பிடிக்கும் நவம்பர் முற்பகுதியிலேயே தபாற்கந்தோரில் சேர்த்துவிடுங்கள்.