பூஜ்யத்தால் பெருக்கினால் போதுமா?

x பூஜ்யத்தை நெருங்குங்கால் x sin(1/x) என்னும் சார்பின் எல்லை யாது என்று வினவினால், எல்லைப் பாடத்தைத் தொட்டுப் பார்த்த எவரும் பூஜ்யம் என்றே விடை கூறுவர். அவ்விடை முற்றிலும் சரியானதே. ஆனால் அதற்கு அவர்கள் காட்டும் காரணத்தைக் கேட்கப் புகுந்தால், பத்தில் எட்டுப் பேர் காரணம் அல்லாத ஒன்றையே காரணமாகச் சொல்வதைக் காணலாம். விடை தவறாயின் ஆசிரியரின் சிவப்பு மை அதைத் திருத்திவிடும். சரியான விடையின் நிழலில் ஒதுங்கி நிற்கும் தவறான நியாயத்தை யாரும் எளிதில் கண்டுகொள்வதில்லை. ஆதலால் அச்சார்பைச் சுற்றி வளர்ந்துள்ள சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

நம்பிக்கை: “x பூஜ்யத்தை அடைகிறது, பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யந்தான்.”

இரண்டு சார்புகளின் பெருக்கத்திற்கு எல்லை காண, அவற்றின் எல்லைகளைத் தனித்தனியே கண்டு பெருக்கிக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு என்பது மெய்யே. அவ்விரு எல்லைகளும் உண்மையில் இருக்கின்றன என்று நிச்சயமான பிறகே அவ்விதியைப் பிரயோகிக்கலாம் என்ற நிபந்தனையும் அதனோடு ஒட்டியே பிறந்தது. மாணவர் விதியை மனனம் செய்துகொண்டு நிபந்தனையை விட்டுவிடுகின்றனர். இங்கே sin(1/x) என்பதற்கு எல்லையே கிடையாது. x-க்கு 1/(2nπ + π/2) என்னும் மதிப்புகளை வரிசையாகக் கொடுத்து n-ஐப் பெருக்கிக்கொண்டே போனால், x பூஜ்யத்தை நெருங்கும். sin(1/x)-இன் மதிப்போ ஒவ்வொரு முறையும் 1 ஆகவே நிற்கும். அவ்வாறே 1/(2nπ + 3π/2) என்னும் மதிப்புகளைக் கொடுத்தால், x அதே பூஜ்யத்தை நெருங்க, சைனின் மதிப்பு எப்போதும் −1 ஆகவே இருக்கும். ஒரே இடத்தை நோக்கிச் செல்லும் இரு வழிகள் இரு வேறு மதிப்புகளில் கொண்டுபோய் விடுமாயின், அவ்விடத்தில் எல்லை என ஒன்று இல்லை. பிரெஞ்சுக் கணித மேதை கோஷி 1821-இல் வெளியிட்ட பாடநூலிலேயே இந்த sin(1/x)-ஐ உதாரணமாக எடுத்துக்கொண்டு, −1-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எந்த மதிப்பையும் அது நாடக்கூடும் என்று எடுத்துரைத்திருக்கிறார்.

ஆகவே பெருக்கல் விதிக்கு இங்கே வேலையில்லை. “பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம்” என்ற வாதத்தின் தகுதியை அறிய வேண்டுமானால், அதே வாதத்தை வேறிடத்தில் வைத்துப் பார்த்தால் போதும். x-ஐ 1/x என்பதனால் பெருக்குக. முதற்காரணி பூஜ்யத்தை நெருங்குகிறது, ஆயினும் பெருக்கம் எங்கும் 1 தான். 1/x² என்பதனால் பெருக்கினாலோ, பெருக்கத்தின் அளவு கட்டுக்கடங்காமல் பெருகிப் போகிறது. ஒரே வாதம் ஓரிடத்தில் சரியான விடையும் மற்ற இரண்டிடங்களில் தவறான விடையும் தருமாயின், முதலிடத்தில் கிடைத்த சரியான விடை அந்த வாதத்தின் புண்ணியத்தால் கிடைத்ததன்று.

அவ்வாறாயின் 1/x-இடம் இல்லாததும் sin(1/x)-இடம் இருப்பதுமான லக்ஷணம் யாது? அது வரம்புக்குள் அடங்கியது என்பதே. எவ்வளவு துள்ளினாலும் சைன் −1-க்குக் கீழே இறங்குவதில்லை, 1-க்கு மேலே ஏறுவதுமில்லை. சாண்ட்விச் தேற்றம் என்றும் நெருக்கல் தேற்றம் என்றும் சொல்லப்படுவது இந்த ஒரு லக்ஷணத்தைக் கொண்டே காரியத்தை முடித்துவிடுகிறது. கீழே ஒரு சார்பும் மேலே ஒரு சார்பும் நின்று, இடையில் மூன்றாவதைக் குறித்த புள்ளியின் சுற்றுப்புறத்தில் அடக்கி வைத்திருக்க, கீழதும் மேலதும் ஒரே எல்லையை அடையுமாயின், இடைப்பட்டதும் அவ்வெல்லையையே அடைந்தாக வேண்டும் என்பது அத்தேற்றம். இடைப்பட்ட சார்புக்கு எல்லை உண்டு என்று முன்கூட்டியே நாம் கொள்ள வேண்டுவதில்லை. உண்டு என்பதையும் அது இன்னது என்பதையும் தேற்றமே சேர்த்துத் தந்துவிடுகிறது. பெருக்கல் விதிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை அதுதான்.

நம்பிக்கை: “−1 ≤ sin(1/x) ≤ 1 என்பதை x-ஆல் பெருக்கினால் −x ≤ x sin(1/x) ≤ x கிடைத்துவிடும்.”

தேற்றத்தின் பெயரைச் சரியாக எழுதிய மாணவரும் இந்த ஒரு வரியில் வழுக்கி விழுவதுண்டு. x மிகை எண்ணாயின் வரியில் குறையில்லை. ஆனால் பூஜ்யத்தை வலப்புறத்திலிருந்து மட்டுமன்றி இடப்புறத்திலிருந்தும் நெருங்கலாம் அல்லவா? x = −0.1 என வைத்துப் பார்த்தால், அந்தச் சமனிலி 0.1-க்கும் −0.1-க்கும் இடையே, அதாவது பெரியதற்கு மேலும் சிறியதற்குக் கீழும், ஓர் எண் இருக்கிறது என்கிறது. அப்படிப்பட்ட எண் இல்லை. குறை எண்ணால் பெருக்கினால் சமனிலியின் திசை மாறும் என்ற பழைய பாடம் இங்கே மறக்கப்பட்டுவிட்டது. இதற்குப் பரிகாரம் தனி மதிப்பு. |x sin(1/x)| = |x| · |sin(1/x)| என்று எழுதி, பின்காரணி 1-ஐத் தாண்டாது என்பதைப் பயன்படுத்தினால், −|x| ≤ x sin(1/x) ≤ |x| என்ற சமனிலி இருபுறத்துக்கும் பொதுவாகக் கிடைக்கிறது. மேற்சொன்ன −0.1-இல் சார்பின் மதிப்பு ஏறத்தாழ −0.0544, அது −0.1-க்கும் 0.1-க்கும் இடையே ஒழுங்காக அமைந்திருப்பதைக் காண்க. |x|, −|x| இரண்டும் பூஜ்யத்தை அடைவதால் நமது சார்பும் பூஜ்யத்தை அடைகிறது. மதிப்பு 0.001-க்குள் அடங்க வேண்டுமென்று ஒருவர் நிபந்தனை விதித்தால், x-ஐ 0.001-க்குள் வைத்துக்கொண்டால் போதும்; சைன் என்ன செய்கிறது என்று நாம் விசாரிக்கத் தேவையே இல்லை. x = 0 என்ற இடத்தில் சார்புக்குப் பொருளே இல்லாமையும் எல்லையை எவ்விதத்திலும் பாதிப்பதில்லை.

நம்பிக்கை: “நெருக்கப்பட்டவுடன் அலைவு அடங்கிவிடுகிறது, மதிப்பும் படிப்படியாகப் பூஜ்யத்தை அணுகுகிறது.”

இத்தாலியர் இத்தேற்றத்திற்கு இரு காவலர் தேற்றம் என்று பெயர் வைத்திருக்கின்றனர். இருபுறமும் காவலர் பிடித்துக்கொண்டு சிறைக்குள் நுழைந்தால் நடுவிலிருப்பவனும் நுழைந்தே தீர வேண்டும் என்பது கருத்து. அந்த உவமையில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: நடுவிலிருப்பவனின் தள்ளாட்டம் சிறைவாசல் வரையில் நிற்பதில்லை, மேலும் மேலும் வேகமாகிறது. x sin(1/x) பூஜ்யமாகும் இடங்கள் 1/π, 1/(2π), 1/(3π) என்பன. 1-க்கும் 0.1-க்கும் இடையே அத்தகைய இடங்கள் மூன்றே, 0.1-க்கும் 0.01-க்கும் இடையே 28, 0.01-க்கும் 0.001-க்கும் இடையே 287. இடைவெளி பத்திலொரு பங்காகச் சுருங்கச் சுருங்க, அலைவுகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்து மடங்காகப் பெருகுகிறது. குறைவது அலைவின் உயரமே, அலைவு அன்று.

தொடர்வரிசைகளில் இதை இன்னும் கண்கூடாகக் காணலாம். (sin n)/n என்ற வரிசையை எடுத்துக்கொள்வோம். கோணத்தை ரேடியனில் கொள்க. n மிகை எண்ணே ஆதலால் −1/n ≤ (sin n)/n ≤ 1/n என்று தயக்கமின்றி எழுதலாம்; எல்லை பூஜ்யம். இனி 11, 22, 33 என்னும் மூன்று உறுப்புகளைப் பார்ப்போம். 22 என்பது 7π-க்கு மிக அருகில் இருப்பதால் அதன் சைன் ஏறக்குறைய பூஜ்யம். 11-உம் 33-உம் π/2-இன் ஒற்றை மடங்குகளுக்கு அருகில் இருப்பதால் அவற்றின் சைன் அளவில் ஏறக்குறைய 1. எனவே 11-ஆம் உறுப்பு −0.0909, 22-ஆம் உறுப்பு −0.0004, 33-ஆம் உறுப்பு 0.0303. இருபத்திரண்டாம் இடத்தில் பூஜ்யத்தைத் தொட்டுவிடும் நிலைக்கு வந்த வரிசை, முப்பத்து மூன்றாம் இடத்தில் எழுபது மடங்குக்கு மேல் விலகிப் போய்விட்டது! இதனால் எல்லைக்குப் பங்கம் ஒன்றுமில்லை. அடுத்த உறுப்பு முந்தியதைவிட அருகில் வர வேண்டும் என்று எல்லையின் வரையறை எங்கும் கேட்பதில்லை. ஒரு கட்டத்திற்கு அப்பால் எல்லா உறுப்புகளும் குறித்த அளவுக்குள் அடங்கினால் போதும் என்றே கேட்கிறது. 0.01 என்று குறித்தால், நூறாம் உறுப்புக்கு அப்பால் ஒன்றுகூட அதை மீறாது.

நம்பிக்கை: “மேல் வரம்பும் கீழ் வரம்பும் ஒன்றுசேரவில்லையென்றால் எல்லை இல்லை.”

இது எல்லாவற்றிலும் அபாயமானது, தேற்றத்தைத் தலைகீழாகப் படிப்பதால் வருவது. sin x என்பதையும் −1, 1 என்ற வரம்புகளுக்குள் அடைக்கலாம், அவ்வரம்புகள் ஒன்றுசேர்வதில்லை, ஆனால் x பூஜ்யத்தை நெருங்க sin x-உம் பூஜ்யத்தை நெருங்குகிறது என்பதில் யாருக்குச் சந்தேகம்? வரம்புகள் சேராவிடில் தேற்றம் மௌனம் சாதிக்கிறது, அவ்வளவே. எல்லை இல்லை என்று நிலைநாட்ட, முன்பு sin(1/x)-க்குச் செய்தது போல இரு வழிகளைக் காட்டி, இரு வேறு மதிப்புகளை எடுத்துவைக்க வேண்டும்.

n sin(1/n) என்ற வரிசை இதற்குச் சரியான பரீட்சை. உருவத்தில் x sin(1/x)-ஐயே ஒத்திருப்பதால் பலர் இதற்கும் பூஜ்யம் என்று எழுதிவிடுகின்றனர். வேறு சிலர் −n, n என்ற வரம்புகள் எதிரெதிர்த் திசைகளில் ஓடுவதைக் கண்டு எல்லை இல்லை என்கின்றனர். இரண்டும் தவறு. n பெருகும்போது 1/n பூஜ்யத்தை நெருங்குகிறது. சைனின் கோணம் சிறுத்துக்கொண்டே போவதால் இங்கே அலைவு என்பதே கிடையாது. பிழை தேற்றத்தில் இல்லை, தேர்ந்தெடுத்த வரம்புகளில் இருக்கிறது. ஆரம் 1 உள்ள வட்டத்தில் t என்னும் குறுங்கோணத்திற்கு sin t < t < tan t என்பது பரப்புகளை ஒப்பிட்டுப் பெறும் பழைய முடிவு. அதிலிருந்து cos t < (sin t)/t < 1 என்று வருகிறது. t-இன் இடத்தில் 1/n-ஐ வைத்தால், cos(1/n) < n sin(1/n) < 1. இப்போது இரு வரம்புகளும் 1-ஐ அடைகின்றன. ஆகவே எல்லை 1.

ஐயமுள்ளோர் n = 100 எனக் கொண்டு கணிப்பானில் 100 × sin(0.01) என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். விடை 0.99998 என வரும், கீழ் வரம்பாகிய cos(0.01) அதற்குச் சற்றுக் குறைவாக 0.99995 எனக் காட்டும். விடை 0.01745 என வருமானால் கணிதத்தின்மேல் பழி சொல்லற்க. கணிப்பான் பாகையில் இருக்கிறது, அதை ரேடியனுக்கு மாற்றிக்கொண்டு மீண்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.