விரைவு கூடினும் மாறாத எண்

கொதிக்கும் பாலை ஆற்ற விரும்புவார் அதனை ஊதுவர். இன்னும் விரைந்து ஆறவேண்டின் இன்னும் வேகமாக ஊதுவர். ஓடும் பொருள் எவ்வளவு விரைந்து ஓடுகின்றதோ அவ்வளவு விரைந்து வெப்பத்தைக் கவரும் என்பது யாவர்க்கும் அனுபவத்தால் விளங்கியது. ஆயினும், ஒடுங்கிய நீண்ட குழாயொன்றில் அமைதியாக ஓடும் நீரைப்பற்றி வெப்பநூலார் கூறுவது இதற்கு முற்றும் மாறானது. அங்கே விரைவை இருமடங்காக்கினாலும், சுவருக்கும் நீருக்கும் இடையே வெப்பம் செல்லும் எளிமை சிறிதும் கூடுவதில்லை என்பர். இஃது எவ்வாறு பொருந்தும் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுவது.

முதலில் அளவுகோலை அறிந்துகொள்வோம். வில்ஹெல்ம் நுசெல்ட் (1882–1957) என்னும் ஜெர்மானியப் பொறிநூல் அறிஞரின் பெயரால் வழங்கும் எண் ஒன்று உண்டு. குழாய்ச் சுவரின் ஒரு சதுர மீட்டர் பரப்பு நீருக்குக் கொடுக்கும் வெப்பத்தை q என்போம். சுவரின் வெப்பநிலைக்கும் நீரின் சராசரி வெப்பநிலைக்கும் உள்ள வேற்றுமையால் q-வை வகுத்தால் வருவது h. குழாயின் விட்டம் D. நீரின் வெப்பங்கடத்தும் திறன் k. இவற்றால் அமைவதே நுசெல்ட் எண்:

Nu = hD/k

நீரின் சராசரி என்றது, குழாயின் ஓரிடத்தைக் கடந்து செல்லும் நீரை ஒரு கலத்தில் ஏந்திக் கலக்கினால் வெப்பமானி காட்டும் அளவையே. இவ்வெண்ணின் பொருளை எளிதாகக் காண ஒரு வழியுண்டு. விட்டத்தை இவ்வெண்ணால் வகுத்தால் ஒரு தடிப்புக் கிடைக்கும். அத்தடிப்புள்ள அசையா நீர்ப்போர்வை ஒன்று சுவரின்மேல் படிந்து, வெப்பம் அதனை ஊடுருவிச் செல்வதாகக் கொண்டால், நாம் காணும் வேற்றுமை அப்படியே வரும். எண் 4 எனின் போர்வை விட்டத்தில் காற்பங்கு. எண் 40 எனின் நாற்பதில் ஒரு பங்கு. போர்வை மெல்லியதாயின் வெப்பம் எளிதிற் கடக்கும்.

இனி ஓட்டத்தின் இயல்பைக் காண்போம். மெல்ல ஓடும் நீர் குழாயினுள் ஒன்றனுள் ஒன்று செருகிய மெல்லிய உறைகளைப்போல நழுவிச் செல்லும். சுவரை ஒட்டிய உறை அசையாது; நடுவிலுள்ளது சராசரியினும் இருமடங்கு விரைவாய்ச் செல்லும். இதனை நாம் அடுக்கொழுக்கு என்போம். ஓர் உறையிலுள்ள நீர் மற்றோர் உறைக்குத் தாவுவதில்லை என்பதே இதில் உயிரான செய்தி. ஆகவே சுவரிலிருந்து நடுவை நோக்கிச் செல்லும் வெப்பம், நிலைநின்ற நீரில் செல்லுமாறு போலவே, கடத்தல் ஒன்றினாலேயே செல்லவேண்டும். நீரின் விரைவு குழாயின் நீளத்தின் வழியது. வெப்பத்தின் வழியோ அதற்குக் குறுக்கானது. எவ்வளவு விரைந்து ஓடினும் நீர் வெப்பத்தை நடுவை நோக்கி ஓர் அணுவளவும் தள்ளித் தருவதில்லை.

அங்ஙனமாயின் குழாயின் வாயிலருகே விரைவு பயன்படுவது ஏன் என்று வினவலாம். அங்கே வெப்பம் இன்னும் நடுவை எட்டவில்லை. சுவரோரத்து மெல்லிய படலம் ஒன்றே சூடேறியுள்ளது. அப்படலம் நீர் செல்லச்செல்லத் தடிக்கும். நீர் விரைந்து வந்தால், குறித்த ஓரிடத்தை அடைவதற்குள் படலம் தடிக்கக் கிடைக்கும் காலம் குறைவு. ஆதலால் படலம் மெல்லியதாயும் நுசெல்ட் எண் பெரிதாயும் இருக்கும். பால் ஊதுவாரின் அனுபவமும் இவ்வகையினதே. ஆனால் குழாய் நீளமாயின், சுற்றிலுமிருந்து வளரும் படலம் ஓரிடத்தில் நடுவே வந்து கூடிவிடும். அதற்குமேல் தடிக்க அதற்கு இடமில்லை. அங்கிருந்து படலத்தின் தடிப்பை வரையறுப்பது நீர் வந்த காலம் அன்று, குழாயின் அளவே. இந்நிலையைத்தான் முழுதும் வளர்ந்த ஒழுக்கு என்கின்றனர்.

இவ்வளவு கேட்டும் ஐயம் முற்றும் நீங்காது. விரைந்தோடும் நீர் மிகுதியான வெப்பத்தைச் சுமந்து செல்லவல்லதே; அந்த ஆற்றல் எங்கே போயிற்று? இதற்கு விடை காணச் சுவரெங்கும் ஒரே அளவாய் வெப்பம் ஊட்டப்படும் குழாயை எடுத்துக்கொள்வோம். கம்பி சுற்றி மின்சாரத்தால் சூடாக்கிய குழாய் அத்தகையது. ஒவ்வொரு மீட்டரிலும் நீர் பெறும் வெப்பம் நாம் ஊட்டும் அளவே. எனவே விரைவு இருமடங்காயின், ஒரு மீட்டர் செல்வதற்குள் நீரின் வெப்பநிலை ஏறும் அளவு சரிபாதியாகும். விரைவையும் அவ்வேற்றத்தையும் பெருக்கினால் வரும் தொகை மாறாது. ஒவ்வோர் உறையும் தன்னில் வைத்துக்கொள்ளும் வெப்பம் இப்பெருக்குத்தொகையைப் பொறுத்ததேயன்றி, விரைவைத் தனியே பொறுத்ததன்று. விரைவின் ஆற்றல் அழியவில்லை. நீளவாட்டில் வெப்பநிலை ஏறும் சரிவைத் தணிப்பதிலேயே முழுதும் செலவாகிவிடுகின்றது. குறுக்குவாட்டின் உருவம் அதனால் தீண்டப்படுவதில்லை.

கணக்கிட்டும் காட்டலாம், நீண்டதன்று. நடுவிலிருந்து உள்ள தூரத்தைக் குழாயின் ஆரத்தால் வகுத்து s என்போம். s அளவுள்ள உள்வட்டத்தின் வழியே செல்லும் நீர் மொத்த நீரில் 2s² − s⁴ பங்கு. இவ்வுள்வட்டம் தன் பங்கு வெப்பத்தைத் தன் விளிம்பின் வழியே கடத்தலாற் பெறவேண்டும். விளிம்பின் சுற்றளவும் s-க்கு ஏற்பச் சிறிதாதலால், அங்கே கடக்கும் வெப்பச்செறிவு q(2s − s³) ஆகும். இதனைச் சுவர்வரை தொகுத்தால், சுவருக்கும் அவ்விடத்திற்கும் உள்ள வேற்றுமை கிடைக்கும்:

(qR/k) (3/4 − s² + s⁴/4)

இங்கு R என்பது ஆரம். இதனை ஒவ்வோர் உறையும் சுமக்கும் நீரின் அளவுக்கேற்பச் சராசரி செய்தால், சுவருக்கும் நீர்ச்சராசரிக்கும் உள்ள வேற்றுமை (11/48)(qD/k) என வரும். ஆகவே Nu = 48/11, அதாவது ஏறத்தாழ 4.36. இக்கணக்கில் விரைவு ஓரிடத்திலும் தலைகாட்டவில்லை என்பதைப் படிப்போர் கவனிக்கலாம். நுழைந்ததெல்லாம் நீர் உறைகளிடையே பங்கிடப்படும் முறையொன்றே. அம்முறை மெல்ல ஓடினும் விரைந்து ஓடினும் ஒன்றே.

இனி ஒரு குழாயை எண்களோடு பார்ப்போம். உள்விட்டம் 5 மில்லிமீட்டர். நீளம் 3 மீட்டர். ஓடும் நீர் 25 டிகிரி அளவில் உள்ளது. சுவர் ஊட்டும் வெப்பம் சதுர மீட்டருக்கு 2000 வாட். நீரின் k ஏறத்தாழ 0.6 என்பதால் h = 4.36 × 0.6 / 0.005, அதாவது 523. ஆகவே சுவர் நீர்ச்சராசரியினும் 3.8 டிகிரி மிகுந்திருக்கும். குழாயின் நடுக்கோட்டினும் 6.25 டிகிரி மிகுந்திருக்கும். நீர் நொடிக்கு 6 சென்டிமீட்டர் விரைவில் ஓடினால், மீட்டருக்கு 6.4 டிகிரி சூடேறும். 12 சென்டிமீட்டர் ஆக்கினால் 3.2 டிகிரியே ஏறும். ஆனால் சுவருக்கும் நீருக்கும் உள்ள அந்த 3.8 டிகிரி இரண்டிலும் அப்படியே நிற்கும். மாறுவது மற்றொன்றும் உண்டு. முதல் விரைவில் வாயிலிலிருந்து சுமார் அரை மீட்டர் சென்றபின் இந்நிலை எய்தும். இரண்டாவதில் சுமார் ஒரு மீட்டர் செல்லவேண்டும். விரைவு எண்ணை மாற்றமாட்டாதாயினும், எண் நிலைபெறும் இடத்தைத் தள்ளிவைக்க வல்லது.

சுவரின் வெப்பநிலையே எங்கும் ஒன்றாய் இருப்பின் எண் 3.66 ஆகும். நீராவியால் சூழப்பட்ட குழாய் இதற்கு உதாரணம். இக்கணக்கை 1883-ல் லியோ கிரேட்ஸ் என்பாரும், பின்னர் 1910-ல் நுசெல்ட்டும் தனித்தனியே செய்தனர். இங்கே சுவருக்கும் நீருக்கும் உள்ள வேற்றுமை போகப்போகத் தேயும்; ஆனால் குறுக்குவாட்டுக் கோட்டின் உருவம் மாறாமலே தேயும். சுவரோரத்து நீர் முன்னரே சுவரின் வெப்பநிலையை அண்டிவிட்டமையால், பெறும் வெப்பத்தில் பெரும்பங்கு உள்ளே நெடுந்தூரம் செல்லவேண்டியதாகின்றது, எண் 4.36-இனும் சற்றுக் குறைந்தது இதனாலேயே. இதனைக் கேட்டு, விரைவைக் கூட்டுவதால் இங்கே பயனே இல்லை என்று கருதிவிடலாகாது. விரைந்த நீர் கடைசிவரை குளிர்ந்தே இருக்குமாதலால், வேற்றுமை தேயாமல் நின்று, குழாய் முழுதும் மொத்தமாய் மிகுந்த வெப்பத்தைத் தரும். h மாறவில்லை, அது தொழில்புரியும் வேற்றுமையே பெரிதாயிற்று.

ஆய்வுக்கூடத்தில் இவ்விதி பொய்த்ததுபோலத் தோன்றும் இடங்கள் உண்டு. விரைவை இருமடங்காக்கியபோது எண் ஏறக்குறையக் காற்பங்கு கூடிற்றாயின், அளந்த இடம் இன்னும் வாயிற்பகுதியே என்று கொள்ளலாம். அங்கே எண் விரைவின் கனமூலத்தை ஒட்டி வளரும். முக்காற்பங்கு அளவு கூடிற்றாயின், ரெய்னால்ட்ஸ் எண் 2300-ஐக் கடந்து நீர் கொந்தளித்து ஓடத் தொடங்கிவிட்டது. உறைகள் கலைந்து நீரே வெப்பத்தைக் குறுக்கே சுமக்கின்றது. கூடவேயில்லை எனின் வளர்ந்த அடுக்கொழுக்கு. ஒரே அளவாய் வெப்பமூட்டிய குழாயாயின் வேறொரு சோதனையும் உண்டு: சுவரில் வரிசையாய் வெப்பமானிகளைப் பதித்து, சுவரின் கோடும் நீர்ச்சராசரியின் கோடும் இணையாகச் செல்லத் தொடங்கும் இடத்தைப் பார்க்கலாம்.

எண்ணெயில் மிக விழிப்பு வேண்டும். பிராண்டில் எண் 1000 உள்ள எண்ணெய் ஒரு சென்டிமீட்டர்க் குழாயில் ரெய்னால்ட்ஸ் எண் 100-இல் ஓடினால், நிலைபெற 50 மீட்டர் வேண்டும். அத்துணை நீளமான குளிர்விப்பான் எங்கும் இராது. ஆகலின் எண்ணெய்க் குழாய்க்கு 3.66-ஐப் போட்டுக் கணக்கிடுவார் உண்மையினும் குறைந்த விடையையே பெறுவர். சூட்டினால் எண்ணெயின் பாகுத்தன்மை பெரிதும் மாறி, உறைகளின் விரைவுப் பங்கீட்டையே கலைத்துவிடுவதும் உண்டு. அப்போது நம் கணக்கின் அடிப்படையே தளர்ந்துவிடும்.

நீரின் k நம் கையில் இல்லை, எண்ணும் மாறாது, விரைவும் உதவாது. எஞ்சியிருப்பது விட்டம் ஒன்றே. விட்டம் பாதியானால் h இருமடங்காகும். 1981-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்கர்மன், பீஸ் என்னும் இருவர் இவ்வழியையே பற்றினர். சிலிக்கன் துண்டொன்றில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலமுள்ள கால்வாய்களைச் செதுக்கி, அவற்றில் நீரை ஓடவிட்டு, ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து 790 வாட் வெப்பத்தை அகற்றிக் காட்டினர்.