அப்பா பேசுகிறார், மாமா பேசவில்லை
நரம்பியல் கேள்வி-பதில்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64. போன மாதம் ஒரு காலையில் எழுந்ததும் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். "காபி வேணுமாப்பா?" என்றால், "அந்த மேல பத்து வச்சிருக்கேன், துணி வந்து அடிச்சா எல்லாம் கதவுதான், நீ போய் தம்பளி எடு" என்கிறார். கை கால் நன்றாக இருந்ததால் மனநலக் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தோம். பிறகு ஸ்கேனில் இடது மூளையில் பக்கவாதம் என்று தெரிந்தது. மூன்று வருடம் முன்பு என் தாய்மாமாவுக்கும் இடது மூளையில்தான் பக்கவாதம் வந்தது. அவருக்கு வலது கை விழுந்துவிட்டது, ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் வராது, ஆனால் நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. ஒரே பக்கம் அடிபட்டும் இருவரும் ஏன் நேர் எதிராக இருக்கிறார்கள்?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் நூற்றுக்கு சுமார் 95 பேருக்கு மொழி இடது மூளையில்தான் இருக்கிறது. அங்கே அது ஒரே இடத்தில் குவிந்திருப்பதில்லை. முன்னால் ஒரு வட்டாரம், பின்னால் ஒரு வட்டாரம். முன்னால் இருப்பது இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் புரோக்கா பகுதி. சொற்களைத் தேடி, கோத்து, வாய்க்கு அனுப்பும் வேலையில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. பின்னால் இருப்பது இடது காதுக்கு மேலே, சற்றுப் பின்தள்ளி இருக்கும் வெர்னிக்கே பகுதி. கேட்ட ஒலியைச் சொல்லாகவும் பொருளாகவும் அறிவதில் பெரும்பங்கு இதனுடையது.

இரண்டுக்கும் ரத்தம் கொண்டு போவது நடுப் பெருமூளைத் தமனி என்ற ஒரே குழாய். அது மேல் கிளை, கீழ் கிளை என்று பிரிகிறது. உங்கள் மாமாவுக்கு இருப்பவை மேல் கிளை அடைபட்டதன் அடையாளங்கள். அந்தக் கிளை புரோக்கா பகுதியோடு, பக்கத்திலேயே இருக்கும் முகத்தையும் கையையும் அசைக்கும் பட்டைக்கும் ரத்தம் தருகிறது. அதனால்தான் பேச்சும் வலது கையும் சேர்ந்தே போயின. "நேத்து… டாக்டரு… பஸ்ஸு… மாத்திர" என்று துண்டு துண்டாக வரும், வேற்றுமை உருபும் வினைமுற்றும் உதிர்ந்துவிடும். தன்னால் சொல்ல முடியவில்லை என்பது அவருக்கே தெரியும். இப்படிப்பட்டவர்கள் அழுவதும் கோபப்படுவதும் அதனால்தான்.

உங்கள் அப்பாவுக்கு அடைபட்டிருப்பது கீழ் கிளையாக இருக்கலாம். அது கையை அசைக்கும் பட்டைக்குப் போவதில்லை, ஆகவே கை கால் தப்பிவிட்டன. பேச்சின் வேகம், ஏற்ற இறக்கம், வாக்கிய ஓட்டம் எல்லாம் அப்படியே இருக்க, உள்ளே நிற்க வேண்டிய சொல் மட்டும் மாறிப்போகிறது. சில சமயம் "தம்பளி" மாதிரி மொழியிலேயே இல்லாத சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தன் காதில் விழும் தன் பேச்சும் அவருக்குச் சரியாகப் புரியாததால், தான் பிழையாகப் பேசுகிறோம் என்றே பல நேரம் தெரியாது. எதிரில் இருப்பவர்தான் புரிந்துகொள்ளாமல் அடம்பிடிப்பதாகத் தோன்றும்.

கை கால் விழாத பக்கவாதம் என்பதால்தான் இந்த வகையைப் பலரும் மனநோய் என்றோ குழப்பம் என்றோ நினைத்துவிடுகிறார்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் திடீரென்று பொருளில்லாமல் பேசினால், அடுத்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

கேள்வி: அம்மா "அவருக்கு எல்லாம் புரியுது" என்கிறார். டாக்டர் "புரியவில்லை" என்கிறார். வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது?
— அதே வாசகி

பதில்: அம்மா பொய் சொல்லவில்லை. தட்டை வைத்துக்கொண்டு "சாப்பிட வாங்க" என்றால் அப்பா வருவார். அவரை வரவழைப்பது தட்டும், நேரமும், அம்மாவின் முகமும். சொல் மட்டும் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க, கையை மடியில் வைத்துக்கொண்டு, பொருளைப் பார்க்காமல் கேளுங்கள்.

"கண்ணை மூடுங்க", "எழுந்திரிங்க" என்று சோதிக்காதீர்கள். முழு உடலும் கண்ணும் செய்யும் இந்த வேலைகள் வெர்னிக்கே வகையிலும் பல சமயம் தப்பி நிற்கும். மேசையில் சாவி, சீப்பு, ஸ்பூன் மூன்றையும் வைத்து "சீப்பு எது?" என்று கேளுங்கள். சரியாகக் காட்டினால், "சாவியைத் தொட்டுட்டு ஸ்பூனை எடுங்க" என்று ஒரு படி கூட்டுங்கள். அடுத்து ஆமாம், இல்லை கேள்விகள். "நாய்க்கு ரெக்கை இருக்கா?", "மீனு தண்ணியிலயா இருக்கும்?" என்று இரண்டு வகையும் சம அளவில் கலந்து கேளுங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினால், அந்தத் தலையாட்டலுக்குப் பொருள் இல்லை.

மாமாவுக்கும் ஒரு சோதனை வையுங்கள். "சோற்றை நாய் தின்னுச்சு" என்றால் அவருக்குப் புரியும், ஏனென்றால் சோறு நாயைத் தின்னாது. "சிங்கத்தைப் புலி கொன்னுச்சு, எது செத்தது?" என்று கேளுங்கள். புலி என்று சொல்லிவிடக்கூடும். இரண்டும் கொல்லக்கூடிய விலங்குகள், விடை 'ஐ' உருபில் மட்டும் இருக்கிறது. புரோக்கா வகையில் சொல்லின் பொருள் புரிந்தாலும் இந்த மாதிரி இலக்கணக் கண்ணி நழுவலாம். ஆகவே "மாமாவுக்கு எல்லாம் புரிகிறது" என்பதும் முழு உண்மை இல்லை. மாத்திரை விவரம், பணக் கணக்கு போன்றவற்றை அவரிடம் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அப்பாவிடம் சத்தமாகப் பேசிப் பயனில்லை. காது கேட்கிறது, பொருள்தான் சேரவில்லை. ஒரு நேரத்தில் ஒரு விஷயம், கூடவே பொருளையோ படத்தையோ காட்டிச் சொல்லுங்கள். அவருடைய ஒவ்வொரு பிழையையும் திருத்த வேண்டாம். மாமாவிடம் நேர்மாறு: சொல் வரும்வரை காத்திருங்கள், வாயிலிருந்து பிடுங்கி நீங்களே முடிக்காதீர்கள்.

கேள்வி: புரோக்கா போனால் பேச்சு போகும், வெர்னிக்கே போனால் புரிதல் போகும் என்று படித்திருக்கிறோம். நோயாளியைப் பார்த்து இடத்தைச் சொல்ல இது போதுமா?
— நர்சிங் மாணவி, மதுரை

பதில்: இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாரா? புரோக்கா, வெர்னிக்கே இரண்டிலும் திருப்பிச் சொல்ல வராது. ஒருவர் சரளமாகப் பேசுகிறார், புரிந்துகொள்கிறார், ஆனால் "வாழைப்பழம்" என்று சொல்லச் சொன்னால் "வாப்பழை… வாழப்பயம்…" என்று திரும்பத் திரும்பத் தடவுகிறார் என்றால், இரண்டு வட்டாரத்தையும் இணைக்கும் நரம்புக் கற்றையும் அதை ஒட்டிய பகுதியும் பாதிக்கப்பட்டிருக்கும். பேச்சு, புரிதல், திருப்பிச் சொல்லுதல் மூன்றும் போயிருந்தால், பெரும்பாலும் தமனியின் அடிமரமே அடைபட்டிருக்கும்.

ஆனால் இந்த வரைபடத்துக்கும் எல்லை உண்டு. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா பார்த்த லெபோர்ன் என்ற நோயாளி, எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஒலியைத்தான் சொன்னார். இறந்தபின் மூளையின் மேற்பரப்பில் தெரிந்த சேதத்தை வைத்துத்தான் புரோக்கா பகுதிக்குப் பெயர் வந்தது. புரோக்கா அந்த மூளையை அறுக்காமல் பாதுகாத்து வைத்தார். 2007-இல் வெளியான எம்.ஆர்.ஐ. ஆய்வில், சேதம் மேற்பரப்போடு நிற்காமல் உள்ளே ஆழமாகப் போயிருந்தது தெரிந்தது. புரோக்கா பகுதி மட்டும் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பேச்சு பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடுகிறது. நீடித்த இழப்புக்கு அதன் அடியில் ஓடும் இணைப்புகளும் போக வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. பேச்சு குழறினால் உடனே அஃபேசியா என்று எழுதிவிடாதீர்கள். தாளும் பேனாவும் கொடுங்கள், வலது கை விழுந்திருந்தால் இடது கையில். வாக்கியம் சரியாக வந்தால் மொழி நலமாக இருக்கிறது, நாக்கும் உதடும்தான் தளர்ந்திருக்கின்றன. எழுத்திலும் அதே சிதறல் வந்தால், நீங்கள் பார்ப்பது மொழியின் இழப்பு. ஏற்கெனவே எழுதப் படிக்கத் தெரிந்தவரா என்று வீட்டாரிடம் கேட்டுக்கொண்ட பிறகே இந்த முடிவுக்கு வாருங்கள்.