விநியோகப் பதிவேட்டைக் கணினித் தாளில் ஏற்றும் முறை

அரிசி, மருந்து, கல்வி உதவி என்று அறக்கட்டளைகள் கொடுப்பவை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதப்படுகின்றன. அதைக் கணினியில் எக்செல் தாளாக மாற்றும் இளைஞர்களுக்காக இந்தக் குறிப்பு.

முதலில் நோட்டில் உள்ளதைத் திருத்தாமல் ஒரு பத்தியில் அப்படியே தட்டச்சு செய்யுங்கள். பக்க எண்ணும் வரி எண்ணும் பக்கத்தில் இருக்கட்டும். பின்னால் சந்தேகம் வந்தால் நோட்டைத் திறந்து பார்க்க அதுதான் வழி. "மேற்படி" என்றோ இரட்டைக் கோடு போட்டோ எழுதிய இடங்களில் மேல் வரியின் சொல்லை இப்போதே நிரப்பிவிட வேண்டும். தாளை வரிசை மாற்றினால் அந்த "மேற்படி" வேறு ஒருவரின் கீழே போய் நின்றுவிடும்.

அடுத்தது பெயர். ஒரே பெண்மணி ஒரு பக்கத்தில் "கதீஜா பீவி, மேலத்தெரு", இன்னொரு பக்கத்தில் "கதிஜாபீ, மேலத் தெரு". கணினிக்கு இவர்கள் இரண்டு பேர். எழுத்தைச் சீராக்குவது மட்டும் போதாது, அதே தெருவில் அதே பெயரில் வேறு ஒருவரும் இருக்கலாம். ஆகவே குடும்பத்துக்கு ஒரு குறியீடு கொடுங்கள்: K014. வெறும் 014 என்றால் கணினி முன்னாலுள்ள பூஜ்யத்தை விழுங்கி 14 ஆக்கிவிடும். குடும்பம் என்பது கதவு எண் அல்ல, அடுப்பு. ஒரே வீட்டில் மகன் தனியாகச் சமைத்தால் அது இன்னொரு குறியீடு. இதைத் தெரு அறிந்த பெரியவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

நிதிக்குத் தனிப் பத்தி அவசியம்: ஜகாத் Z, ஃபித்ரா F, ஸதகா S. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரைக் குர்ஆன் (9:60) வரையறுத்திருக்கிறது. எல்லாவற்றையும் "உதவி" என்று ஒரே சொல்லில் போட்டால், ஜகாத் பணம் உரியவருக்குப் போனதா என்று கணக்குக் காட்ட முடியாது. நோட்டில் நிதி எழுதப்படவில்லையென்றால் ஊகிக்காமல் U என்று போடுங்கள். "1 பை" என்று மட்டும் இருந்தால் அது 5 கிலோவா 25 கிலோவா? கொள்முதல் பில் சொன்னால் எழுதுங்கள், இல்லையேல் எடைப் பத்தி காலியாகவே இருக்கட்டும்.

தேதியில் ஒரு பொறி உண்டு. அமெரிக்க முறையில் அமைந்த கணினியில் 5/6/2025 என்றால் மே 6 ஆகிவிடும்; 13/6/2025 தேதியாகவே ஏறாமல் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். அப்படிச் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நின்றால், வலப்பக்கத்தில் உள்ளவற்றில் நாளும் மாதமும் மாறியிருக்கலாம். 2025-06-05 என்று எழுதினால் இந்தக் குழப்பம் இல்லை.

மாதத்துக்கு ஒரு தாள் என்று வைத்து, C-இல் குடும்பமும் D-இல் பொருளும் இருந்தால், காலியான ஒரு பத்தியில் இதை இட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIFS(C:C,C2,D:D,D2)
```

2 அல்லது அதற்கு மேல் வந்த வரிகளை நோட்டோடு ஒப்பிடுங்கள். சில இருமுறை எழுதப்பட்டவை, சில உண்மையிலேயே இருமுறை கொடுக்கப்பட்டவை. பெயரும் முகவரியும் உள்ள குடும்பப் பட்டியலைத் தனிக் கோப்பில், கடவுச்சொல்லோடு பொறுப்பாளரிடம் மட்டும் வையுங்கள். யார் வீட்டுக்கு எது போனது என்பது வாட்ஸ்அப் குழுவில் சுற்ற வேண்டிய செய்தி அல்ல. கூட்டத்தில் காட்டும் தாளில் நோட்டுவரிப் பத்தியை நீக்கிவிட்டு, K014 மட்டும் தெரிந்தால் போதும்.