'ஆல்வேஸ்' வந்தாலே சிம்பிள் பிரசன்டா?

ஆங்கில இலக்கண விடைத்தாள்களைத் திருத்தும்போது எனக்குக் கோபம் வருவது மாணவர்கள் மேல் இல்லை, கைடு எழுதுகிறவர்கள் மேல். 'ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன் வந்தால் சிம்பிள் பிரசன்ட்; நவ், அட் பிரசன்ட் வந்தால் பிரசன்ட் கன்டினியுவஸ்' என்று ஒரு கட்டம் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். மற்ற சொற்களுக்கு அந்தக் கட்டம் ஓரளவு உதவும். 'ஆல்வேஸ்' விஷயத்தில் அது பிள்ளைகளுக்குப் பெரிய நஷ்டத்தை உண்டாக்குகிறது. அந்தச் சொல் இரண்டு காலத்தோடும் வரும். எதோடு வருகிறது என்பதைப் பொறுத்துப் பொருளும் மாறும். ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்' இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே விளக்குகிறது. அதைப் பார்த்த பிறகும் பழைய கட்டத்தையே அச்சடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேறுபாடு இதுதான். 'ஹி ஆல்வேஸ் பாரோஸ் மை பைக்' என்றால், குறிப்பிட்ட ஒரு சந்தர்ப்பம் வரும்போதெல்லாம் அவன் என் பைக்கை வாங்கிப் போகிறான் என்று பொருள். அது தகவல், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகும்போது என்று சந்தர்ப்பத்தையும் சேர்த்துச் சொல்லலாம். 'ஹி இஸ் ஆல்வேஸ் பாரோயிங் மை பைக்' என்றால் ஒவ்வொரு தடவையும் என்று பொருள் இல்லை. அளவுக்கு மீறி, எதிர்பாராத நேரத்திலெல்லாம், 'எப்பப் பாரு வாங்கிட்டே இருக்கான்' என்று அலுத்துக்கொள்வது அது. சாவி தொலைப்பதை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 'ஷி இஸ் ஆல்வேஸ் லூசிங் ஹெர் கீஸ்' என்பவர், அவள் சாவியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் தொலைக்கிறாள் என்று கணக்குச் சொல்லவில்லை, மிகைப்படுத்திக் குறைசொல்கிறார். 'கான்ஸ்டன்ட்லி', 'ஃபாரெவர்' என்ற சொற்களும் இதே வேலையைச் செய்யும்.

இப்போது கைடில் வரும் மாதிரியான ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: 'மை பிரதர் ஆல்வேஸ் ____ மை பைக்'. கோடு 'ஆல்வேஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பதால் 'பாரோஸ்' தவிர வேறு எதையும் எழுத வழியில்லை. கன்டினியுவஸில் 'இஸ்' முன்னால் வந்து, 'ஆல்வேஸ்' நடுவில் நிற்க வேண்டும். ஆக, கோடு போட்ட இடமே விடையைச் சொல்லிவிடுகிறது. மாணவன் பொருளை யோசிக்கவே வேண்டாம். 'மை பிரதர் ____ மை பைக்' என்று எழுதி, அடைப்புக்குள் 'ஆல்வேஸ், பாரோ' என்று கொடுத்தால் யோசிக்க இடம் உண்டு. அப்போதும் சூழல் வேண்டும். 'ஹி நெவர் ஆஸ்க்ஸ் மீ' என்று முன்னால் ஒரு வாக்கியம் இருந்தால் கன்டினியுவஸ் பொருந்தும். 'வென் ஹி கோஸ் டு தி மார்க்கெட்' என்று பின்னால் வந்தால் சிம்பிள் இயல்பு. இரண்டும் இல்லையென்றால் இரண்டு விடைக்கும் மதிப்பெண் தர வேண்டும்.

என் சக ஆசிரியர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் ஏற்கெனவே 'ஐ ஆம் கோயிங் டு ஆஃபீஸ் டெய்லி' என்று தேவையில்லாத இடத்தில் கன்டினியுவஸ் போடுகிறார்கள். இதையும் கற்றுக்கொடுத்தால் பழக்கம் முற்றிவிடும் என்கிறார்கள். பயம் நியாயமானது, மருந்துதான் தவறு. 'டெய்லி' என்பது வெறும் கால அட்டவணை. அங்கே குறைசொல்லும் தொனி எதுவும் இல்லை, அதனால் 'ஐ கோ' போதும். தொனியைக் காரணமாகக் காட்டி விளக்கினால் இரண்டு பிழையும் குறையும். விதியை மறைத்தால் எதுவும் குறையாது. 'தி சன் ஆல்வேஸ் ரைசஸ் இன் தி ஈஸ்ட்' என்பதில் யாருக்கும் அலுப்பு இல்லை. அங்கே கன்டினியுவஸ் ஏன் பொருந்தாது என்பதும் இதே காரணத்தால் விளங்கிவிடும்.

எரிச்சலை மட்டுமே விதியாக்குவதும் தவறு. 'ஷி இஸ் ஆல்வேஸ் ஹெல்பிங் பீப்பிள்' என்பது பாராட்டு. செயல் நல்லதா கெட்டதா என்பதைப் பொறுத்தே தொனி அமையும். சிம்பிளில் குறைசொல்லவே முடியாது என்பதும் இல்லை. குரலை அழுத்தினால் 'ஹி ஆல்வேஸ் பாரோஸ் மை பைக்' என்பதும் புகார்தான். ஆகவே அதற்குச் சுழி போடுகிற விடைக்குறிப்பும் பிழையானதே.

பரீட்சை எழுதுகிறவர் செய்ய வேண்டியது எளிது. பக்கத்தில் 'வென்' போன்ற சந்தர்ப்பச் சொல்லோ உலக உண்மையோ இருந்தால் சிம்பிள் எழுதுங்கள். 'அனாயிங்', 'அகெய்ன்', ஆச்சரியக்குறி போன்ற தடயம் இருந்தால் கன்டினியுவஸ் எழுதுங்கள். எந்தத் தடயமும் இல்லாவிட்டால் சிம்பிளே பாதுகாப்பு. அலுவலக மெயிலில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: 'யூ ஆர் ஆல்வேஸ் சென்டிங் தி ஃபைல்ஸ் லேட்' என்று மேலாளருக்கு எழுதினால், நீங்கள் தகவலாக நினைத்ததை அவர் குற்றச்சாட்டாகவே படிப்பார்.