ஆஃபரை மறுக்கும் மெயில்: டெம்ப்ளேட் வாடை அடிக்காமல் எழுதுவது எப்படி?

கையில் இரண்டு ஆஃபர். ஒன்றை ஏற்றாயிற்று, மற்றதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பெரும்பாலோர் நெட்டில் தேடி எடுத்து அனுப்புவது இப்படித்தான் இருக்கும்:

“வாய்ப்பளித்ததற்கு மிக்க நன்றி. நன்கு யோசித்தபின், எனது தொழில் இலக்குகளுக்கு ஏற்ற வேறொரு வாய்ப்பைத் தேர்ந்தெடுத்துள்ளேன். தங்கள் நிறுவனம் மேலும் வளர வாழ்த்துகள்.”

இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கம்பெனி பெயரை மாற்றினால் எந்த ஊரில் எந்த வேலைக்கும் பொருந்திவிடும். தினமும் இதே வரிகளைப் படிக்கிற ஹெச்.ஆருக்கு இது டெம்ப்ளேட் என்று பார்த்ததுமே தெரியும். அதற்காக டெம்ப்ளேட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நன்றி, மறுப்பு, விடைபெறல் என்ற அதன் வரிசை சரியானதுதான். அந்த வரிசைக்குள் மூன்று விஷயங்களைச் சேர்த்தால் போதும்.

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலை. அங்கே குவாலிட்டி இன்ஜினீயர் வேலையை மறுக்கும் ஒருவர் அதே டெம்ப்ளேட்டை இப்படித் திருத்தலாம்:

“வணக்கம் மேடம். குவாலிட்டி இன்ஜினீயர் பணிக்கான ஆஃபர் கிடைத்தது, நன்றி. இந்தப் பணியை என்னால் ஏற்க இயலவில்லை. டிசைன் பிரிவில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. அந்தப் பக்கமே தொடர விரும்புகிறேன். இரண்டாம் சுற்றில் உங்கள் குவாலிட்டி மேனேஜர் என்னை டெஸ்ட் பெட்டுக்கு அழைத்துப் போய், ஒரு பம்ப் ஏன் சோதனையில் தேறவில்லை என்று படிப்படியாகக் காட்டினார். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். ஜூன் 2 அன்று சேர்வதாக இருந்தது. அந்த இடத்துக்கு நீங்கள் வேறொருவரை அழைக்கலாம். என் பின்னணிச் சரிபார்ப்பையும் நிறுத்திவிடலாம்.”

முதலாவது, நேரில் போனவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயம். இங்கே அது டெஸ்ட் பெட். “உங்கள் நிறுவனத்தின் பணிச்சூழல் கவர்ந்தது” என்றால் வெப்சைட்டைப் பார்த்தே எழுதலாம். ஒரு ஆள், ஒரு இடம், அவர் செய்த ஒரு காரியம் என்று வந்தால் வேறு யாரும் அதை எழுதியிருக்க முடியாது. ஒன்று போதும், மூன்று நான்கு புகழ்ச்சி சேர்த்தால் குற்ற உணர்ச்சியில் எழுதியது போலாகிவிடும்.

இரண்டாவது, ஒரே வரியில் உண்மையான காரணம். வேலையின் தன்மை, ஊர், துறை என்று எதுவாகவும் இருக்கலாம். சம்பளத்தைக் காரணமாக எழுதினால் அதைப் பேரமாகவே எடுத்துக்கொண்டு அன்று மாலையே “எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?” என்று போன் வரக்கூடும். பேச விருப்பம் இருந்தால் மட்டும் அதை எழுதுங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்ற பொய் வேண்டாம். புது வேலையில் சேர்ந்ததை லிங்க்ட்இன்னில் போட்ட அன்றே அது உடைந்துவிடும்.

மூன்றாவது, அவர்களுக்குப் பயன்படும் தகவல். சேரும் தேதி, ஓடிக்கொண்டிருக்கும் சரிபார்ப்பு, திருப்பித் தர வேண்டிய ஆவணம் போன்றவை. டெம்ப்ளேட்டில் இது இருக்கவே இருக்காது, ஆனால் ஹெச்.ஆர் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டியது இதை வைத்துத்தான்.

எதைச் சேர்க்கக் கூடாது? போகும் கம்பெனியின் பெயரும் அங்கே தரும் தொகையும் தேவையில்லை. இன்டர்வியூவில் ஒருவர் மனம்விட்டுச் சொன்னதையும் எழுதாதீர்கள். “எங்கள் டீமில் ஆள் நிற்பதில்லை” என்று மேனேஜர் சொல்லியிருப்பார். உங்கள் மெயில் அவருடைய மேலதிகாரிக்கும் ஃபார்வர்டு ஆகலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

மறுப்பு வரியை மட்டும் அலங்கரிக்க வேண்டாம். “தற்போதைய சூழ்நிலையில் கொஞ்சம் கடினமாக உள்ளது” என்றால் காத்திருந்தால் வருவார் என்று நினைப்பார்கள். “ஏற்க இயலவில்லை” என்று முடித்துவிடுங்கள். ஆஃபர் லெட்டரில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், முதலில் போனில் சொல்லிவிட்டுப் பிறகு மெயில் அனுப்புவதே முறை. மாறாக, ஹெச்.ஆரோடு போனில் ஒரு சுற்று மட்டுமே பேசியிருந்தால் இவ்வளவும் வேண்டாம். பெயரும் பதவியும் சரியாக இருந்தால் டெம்ப்ளேட்டே போதும்.

அனுப்பும் முன் மூன்று சோதனை. கம்பெனி பெயரை மனதுக்குள் மாற்றிப் படியுங்கள். அப்போதும் எல்லா வரியும் பொருந்தினால் இன்னும் உங்கள் கடிதம் ஆகவில்லை. அடுத்து எழுத்துரு. ஒட்டிய வரிகள் மட்டும் வேறு அளவில், வேறு நிறத்தில் நின்று காட்டிக்கொடுக்கும். கணினியில் ஒட்டும்போது Ctrl+Shift+V அழுத்தினால் பல மெயில் சேவைகளில் பழைய வடிவம் கூடவே வராது. அடைப்புக்குறிக்குள் “நிறுவனத்தின் பெயர்” என்று எங்காவது மிச்சம் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.