சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுதா?



2024 டிசம்பர் 1-ம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் நம் திருவண்ணாமலை மலையடிவாரத்தில், வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஒரு வீடு புதைந்தது. அதில் 5 குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்துபோனார்கள். வீடு தப்பியவர்களுக்கும் இதுபோன்ற சமயத்தில் மனசில் என்ன நடக்கும் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

பக்கத்துத் தெருவில் நம் குழு அக்கா ஒருவர் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முதல் வாரம் வாளி விழுந்தாலே தூக்கிவாரிப் போடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. தூறல் விழுந்தால் தூக்கம் போச்சு. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். "எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சோ?" என்று பயப்படுகிறார். திருடன் புகுந்த வீட்டிலும், பஸ் விபத்தில் தப்பியவருக்கும் இதேதான் நடக்கும்.

இது பைத்தியம் இல்லை, கோழைத்தனமும் இல்லை. ஆபத்து வந்தால் உடம்பில் அட்ரினலின் என்ற சுரப்பு கூடும். ஓடவோ எதிர்க்கவோ அது உடம்பைத் தயார் செய்கிறது. ஆபத்து போன பிறகும் மூளை கொஞ்ச நாள் காவல் காக்கிறது. ஒருமுறை திருடனைப் பார்த்த வீட்டு நாய், அப்புறம் இலை அசைந்தாலும் குரைக்கும் இல்லையா? அது மாதிரிதான்.

தூக்கிவாரிப் போட்டதும் இப்படிச் செய்யுங்கள். இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி உட்காருங்கள். நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். சில நிமிஷம் இப்படிச் செய்யலாம். பிறகு அது என்ன சத்தம் என்று கண்ணால் பாருங்கள். வாளிதான் என்று தெரிந்தால் மூளையும் கற்றுக்கொள்ளும். ராத்திரி தாழ்ப்பாளை ஒருமுறை பார்த்தால் போதும். பத்து முறை எழுந்து பார்த்தால் பயம்தான் வளரும்.

பார்க்கப் போகிறவர்கள், "என்ன நடந்துச்சு, சொல்லு சொல்லு" என்று நோண்டக் கூடாது. அவராகப் பேசினால் கேளுங்கள். சோறு பொங்கிக் கொடுங்கள், ராத்திரி துணைக்குப் படுங்கள். தூக்க மாத்திரையைக் கடையில் நாமாக வாங்கித் தரக் கூடாது.

நம் அக்காவுக்கு இரண்டாம் வாரத்தில் பதற்றம் வந்தாலும் சீக்கிரம் அடங்குகிறது. நாலாம் வாரத்தில் மழையிலும் தூங்குகிறார். பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் சரியாகும்.

ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை, நடந்தது கண்முன்னே திரும்பத் திரும்ப வருகிறது, வேலைக்கோ அந்தத் தெருவுக்கோ போக முடியவில்லை என்றால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். "செத்துடலாம்" என்று சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். மந்திரித்துக் கயிறு கட்டினாலும் கட்டுங்கள். அதற்காக வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

குழுக் கூட்டத்தில் பேச: நம் ஊரில் திருட்டோ விபத்தோ நடந்த வீட்டுக்கு முதல் வாரம் யார் யார் ராத்திரி துணைக்குப் போவது?